ஒரே துணையுரைக் கோப்பும் நாடுகடந்த தமிழ் வழக்கும்

`ta` என்னும் ஒரே மொழிக்குறியுடன் வெளியாகும் துணையுரைக் கோப்பைத் தமிழகத்தாரும் ஈழத்தாரும் கனடாத் தமிழரும் படிக்கின்றனர். இதில் புரியாத சொல்லைவிட, வேறு பொருளில் புரியும் சொல்லே மிகுந்த இடர் தருவது. ‘அம்மா பேசினாள்’ என்னும் வரி தமிழகத்தில் உரையாடலைக் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கிலோ ‘ஏசினாள்’ என்றும் பொருள்படும். ‘கதைத்தாள்’ என மாற்றினால் தமிழகப் பார்வையாளர் தயங்குவார். ‘அம்மா அவனோடு பேசினாள்’ என உருபேற்ற பெயரைச் சேர்த்தால் ஐயம் நீங்கும். ஏசியதைக் ‘கடிந்துகொண்டாள்’ எனலாம்.

எழுத்துக்கூட்டல் வேறுபடுமிடத்தும் பொதுச்சொல் உதவும்: ‘போலீஸ்’, ‘பொலிஸ்’ இரண்டையும் விடுத்துக் ‘காவல்துறை’ என எழுதலாம். ஊர்ப்பெயருக்கு இவ்வழி இல்லை. ‘ரொறன்ரோ’ என்பதைத் தமிழகத்தார் எழுத்தொலிப்படியே படித்துத் தடுமாறுவர். ‘டொராண்டோ’வை ஈழத்தார் எளிதில் அடையாளம் காண்பர். ஆயினும் அந்நகரத் தமிழரைப் பற்றிய படமாயின் அவர்கள் எழுதும் வடிவையே கொள்வது தகும். ஊர் எதுவென்பதைக் காட்சியே உணர்த்திவிடும்.