உறுதி லாபத்துக்கு ஒரு விலை உண்டு

கால்பந்து உலகக் கோப்பை தொடங்கும் முன்பே 'இந்த அணிதான் சாம்பியன்' என்று பணம் கட்டுவது பிரிட்டனில் சட்டப்படி நடக்கும் பழைய வழக்கம். 2022 கத்தார் போட்டிக்கு முன் ஒருவர் பிரான்ஸ் மீது 100 பவுண்டு கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் 8.00. அதாவது பிரான்ஸ் கோப்பையை வென்றால், கட்டிய பணத்தையும் சேர்த்து 800 பவுண்டு கைக்கு வரும். ஒரு மாதத்துக்குள் பிரான்ஸ் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே அர்ஜென்டினா. இருவருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ சமம் என்றுதான் சந்தை கருதியது.

சீட்டு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அது 800 பவுண்டாகவும் மாறலாம், வெறும் காகிதமாகவும் ஆகலாம். அதுவரை நெஞ்சு படபடக்கக் காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர் எதிரணி மீதும் பணம் கட்டுவார். பந்தயக்காரர்கள் இதை ஹெட்ஜ் என்கிறார்கள்.

கணக்கு எளிது. கோப்பையை வெல்வது யார் என்ற பந்தயத்தில் இரு அணிகளுக்கும் ஆட்ஸ் 1.91 என்று கொள்வோம். 800-ஐ 1.91-ஆல் வகுத்தால் சுமார் 419. அந்த 419 பவுண்டை அர்ஜென்டினா மீது கட்டுகிறார். பிரான்ஸ் வென்றால் பழைய சீட்டில் 800 வரும், புதிதாகக் கட்டிய 419 போகும், மிச்சம் 381. அர்ஜென்டினா வென்றால் பழைய சீட்டு செத்துவிடும், ஆனால் புதிய சீட்டில் 800 வரும். கட்டிய 419-ஐக் கழித்தால் அதே 381. தொடக்கத்தில் போட்ட 100-ஐயும் கழித்தால், யார் வென்றாலும் 281 பவுண்டு லாபம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? சமபலம் கொண்ட இரண்டு அணிகள் மோதினால் நியாயமான ஆட்ஸ் 2.00. கடைக்காரர் தருவது 1.91. அந்த இடைவெளிதான் அவருடைய வருமானம். இறுதிப்போட்டிக்கு முந்தைய இரவில் அந்த பிரான்ஸ் சீட்டின் நியாயமான மதிப்பு 800-இல் பாதி, அதாவது 400 பவுண்டு. நம்மவர் உறுதி செய்துகொண்டது 381. நடுவில் காணாமல் போன 19 பவுண்டுதான் நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை. முதல் சீட்டை வாங்கும்போதே கடைக்காரரின் பங்கை ஒருமுறை கொடுத்துவிட்டார். இப்போது நான்கு மடங்கு பெரிய தொகைக்கு இரண்டாம் முறையும் கொடுக்கிறார்.

இங்கே பலர் தடுமாறுவது அந்த பழைய 100 பவுண்டில்தான். '100 போட்டு 281 லாபம் பார்த்தாயிற்று' என்ற திருப்தி, 400 பவுண்டு பெறுமான சீட்டை 381-க்கு விற்றதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்த 100 எப்போதோ செலவான பணம். இன்றைய முடிவில் அதற்கு இடமில்லை.

சீட்டு வைத்திருப்பவரின் சொந்தக் கணிப்பும் இந்த விலையை மாற்றும். பிரான்ஸுக்கு 55 சதவீதம் வாய்ப்பு என்று அவர் காரணத்தோடு நம்பினால், அவர் கையில் இருப்பது 440 பவுண்டுச் சீட்டு. அதை 381-க்குப் பூட்டுவது 59 பவுண்டு இழப்பு. மாறாக, அர்ஜென்டினாவுக்கு 55 சதவீதம் என்று நம்பினால், 1.91 ஆட்ஸில் அந்த அணி மீது பணம் கட்டுவதே தனியாக லாபகரமான பந்தயம். 1-ஐ 1.91-ஆல் வகுத்தால் வருவது 52.4 சதவீதம். எதிரணியின் வாய்ப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் ஹெட்ஜுக்குச் செலவே இல்லை. தாண்டாவிட்டால் ஏதோ ஒரு அளவில் செலவு உண்டு. தன் மதிப்பீடு எவ்வளவு என்று மனதில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஹெட்ஜ் செய்பவருக்கு, தான் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே தெரியாது.

செலவு இருக்கிறது என்பதற்காக ஹெட்ஜ் முட்டாள்தனம் ஆகிவிடாது. மாதக் கடைசியில் 400 பவுண்டு வாடகை கட்ட வேண்டியவருக்கு, 800 அல்லது பூஜ்யம் என்ற நிலையைவிட நிச்சயமான 381 மேலானது. வங்கியில் பல ஆயிரம் வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிதல்ல. அவர் 19 பவுண்டைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தொகை வரும்படி முழுதாகச் சமப்படுத்துவது தேவையா? நார்வே நாட்டுப் பொருளாதார அறிஞர் யான் மோசின் 1968-இல் காப்பீடு பற்றி நிறுவிய ஒரு முடிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. பிரீமியத்தில் நிறுவனத்தின் லாபமும் சேர்ந்திருந்தால், ஆபத்துக்கு அஞ்சுகிறவர்கூட நூறு சதவீதக் காப்பீடு எடுப்பது சிறந்த தேர்வல்ல என்றார் அவர். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஹெட்ஜின் முதல் பகுதி பெரிய பயத்தை நீக்குகிறது. கடைசிப் பகுதி, ஏற்கெனவே ஏறக்குறைய சமமாகிவிட்ட இரண்டு தொகைகளை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான் பங்கு எடுக்கிறார். நம்மவர் 419-க்குப் பதிலாக 209 கட்டியிருந்தால், பிரான்ஸ் வென்றால் 591, அர்ஜென்டினா வென்றால் 190. வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து போய்விட்டது, செலவும் 9 பவுண்டுக்குச் சற்று மேல்தான். சமபலம் என்று நம்புகிற ஒருவருக்கு நான் இப்படிப்பட்ட பாதி ஹெட்ஜைத்தான் சொல்வேன்.

எங்கே ஹெட்ஜ் செய்கிறோம் என்பதும் முக்கியம். பந்தய நிறுவனங்களின் செயலியில் 'கேஷ் அவுட்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் சீட்டை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும். வசதிதான், ஆனால் விலையை நிர்ணயிப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. நம் சீட்டுக்கு அது 360 காட்டினால், எதிரணி மீது தானே பணம் கட்டிக் கிடைக்கும் 381-ஐவிட 21 பவுண்டு குறைவு. கூடுதல் பணம் கையில் இல்லாதவருக்கு அந்தப் பொத்தானே வழியாக இருக்கலாம். இருப்பவர் இரண்டு எண்களையும் ஒப்பிடாமல் அழுத்தக் கூடாது. பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் பந்தயக்காரர்கள் தங்களுக்குள்ளேயே விலை பேசுவதால் இடைவெளி பொதுவாகக் குறைவு. வென்ற தொகையில் கமிஷன் பிடிப்பார்கள், அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி, செலவையெல்லாம்விடக் கொடிய தவறு ஒன்று. இறுதிப்போட்டிக்குக் குறைந்தது இரண்டு பந்தயங்கள் அருகருகே இருக்கும். ஒன்று, கோப்பை யாருக்கு என்பது. கூடுதல் நேரமும் பெனால்டியும் இதில் அடங்கும். இன்னொன்று, 90 நிமிட ஆட்டத்தின் முடிவு என்ன என்பது. நடுவர் சேர்த்துத் தரும் நிமிடங்களோடு இது முடிந்துவிடும். இரண்டாவதில் வெற்றி, தோல்வி, டிரா என மூன்று முடிவுகள் இருப்பதால் ஒரு அணியின் வெற்றிக்கு ஆட்ஸ் கவர்ச்சியாகத் தெரியும். அதைப் பார்த்து அங்கே ஹெட்ஜ் செய்தால் டிரா என்ற கதவு திறந்தே கிடக்கும்.

2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் அதுதான் நடந்தது. 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 என முன்னிலையில் இருந்தது. எம்பாப்பே இரண்டு நிமிட இடைவெளிக்குள் இரண்டு கோல் அடித்தார். 90 நிமிட ஆட்டம் 2-2, கூடுதல் நேர முடிவில் 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. பிரான்ஸ் சீட்டை வைத்துக்கொண்டு, 90 நிமிடப் பந்தயத்தில் அர்ஜென்டினா வெற்றி மீது ஹெட்ஜ் செய்திருந்த எவருக்கும் முதலில் டிராவில் ஹெட்ஜ் போயிருக்கும், பிறகு பெனால்டியில் சீட்டும் போயிருக்கும். லாபத்தைப் பூட்டிவிட்டதாக நினைத்தவர், பழைய 100-ஐயும் புதிய பந்தயத்தில் கட்டியதையும் சேர்த்து இழந்திருப்பார். பணம் கட்டும் முன் இரண்டு சீட்டுகளின் விதிகளையும் பக்கத்தில் வைத்து, ஆட்டம் முடியக்கூடிய ஒவ்வொரு விதத்துக்கும் கையில் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்த்தால் இந்த ஓட்டை அங்கேயே தெரிந்துவிடும்.