பெரிய கண்ணும் ஓயாத நீரும்: குழந்தைகளின் கண் அழுத்த நோய்

கைக்குழந்தையின் கண்ணில் நீர் வடிந்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது, ஒரு வயதுக்குள் தானே சரியாகிவிடும்” என்பதுதான். பெரும்பான்மையான குழந்தைகளுக்கு இப்பதில் சரியானதே. ஆனால் இதே நீர்வடிதல் கண் அழுத்த நோயின் (கிளாக்கோமாவின்) முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்கு ஓராண்டுக் காத்திருப்பு பார்வையைப் பறித்துவிடும். எனவே இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டும், கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியே வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. இது கண்ணுக்குள் ஓடும் நீர். கன்னத்தில் வழியும் கண்ணீர் வேறு. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அந்த வடிகால் முழுமையாக உருவாவதில்லை. சுரப்பு நிற்காது, வெளியேற்றம் குறையும், உள்ளே அழுத்தம் ஏறும். பெரியவர்களின் கண் சுவர் கெட்டியானது என்பதால் அழுத்தம் ஏறினாலும் வெளித்தோற்றம் மாறுவதில்லை. ஏறத்தாழ மூன்று வயது வரை குழந்தையின் கண் சுவர் நெகிழ்வாக இருப்பதால், அழுத்தத்திற்கு ஈடுகொடுத்து கண்ணே பெரிதாகிறது. “என்ன அழகான பெரிய கண்கள்!” என்று உறவினர் கொஞ்சும்போது அவர்கள் காண்பது சில வேளைகளில் இந்த விரிவையே.

பெரிய கண்கள் அனைத்தும் நோயல்ல. கருவிழியின் குறுக்களவு பிறந்த குழந்தைக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வயதில் 11 முதல் 12 வரை எட்டும். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் நாங்கள் சந்தேகிக்கிறோம். வீட்டில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கண்ணைவிட மற்றது பெரிதாகத் தெரிகிறதா, முந்தைய மாதப் புகைப்படங்களோடு ஒப்பிட்டால் கருவிழி வேகமாக வளர்ந்திருக்கிறதா, கண்ணாடிபோல் பளபளக்க வேண்டிய கருவிழி மங்கலாகவோ நீலம் கலந்த வெண்மையாகவோ மாறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

இனி நீர்வடிதலுக்கு வருவோம். கண்ணீர்க் குழாய் அடைப்பில் நீரோடு பீளையும் சேரும். தூங்கி எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கை ஒட்டிய கண் மூலையை மெல்ல அழுத்தினால் சில குழந்தைகளுக்குச் சளி போன்ற திரவம் வெளிவரும். ஆனால் குழந்தை வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கும். கருவிழி தெளிவாக இருக்கும். அழுத்த நோயிலோ வடிவது பெரும்பாலும் தெளிந்த நீர். அதைவிட முக்கியமானது, வெளிச்சம் குழந்தைக்குப் பொறுக்காது. வாசலுக்குத் தூக்கி வந்ததும் கண்களை இறுக மூடிக்கொள்ளும். தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அறை இருண்டதும் கண் திறக்கும். கருவிழியில் நீர் கோத்து வீங்குவதே இக்கூச்சத்திற்குக் காரணம். என்னைக் கேட்டால், நீர் வடிவதைவிட இந்த ஒளிக்கூச்சமே பெற்றோர் கவனத்தில் முதலில் பதிய வேண்டிய அடையாளம்.

ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் நிலையைச் சொல்கிறேன். பெற்றோர் தாய்மாமன் உறவில் மணந்தவர்கள். முதல் மாதத்திலிருந்தே இரு கண்களிலும் நீர் வடிந்திருக்கிறது. குழாய் அடைப்பு என்று கருதிக் கண் மூலையைத் தடவிக்கொடுத்தும் சொட்டு மருந்து இட்டும் வந்திருக்கிறார்கள். கண்கள் பாட்டியைப் போலப் பெரியவை என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள். வலது கருவிழி திடீரென வெண்மையானபோதுதான் எங்களிடம் வந்தார்கள்.

இவ்வயதில் கண்ணை அசையாமல் பரிசோதிக்க இயலாது என்பதால் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தோம். கருவிழி வலப்பக்கம் 13.5 மில்லிமீட்டர், இடப்பக்கம் 12.5. அழுத்தம் வலது கண்ணில் 28, இடது கண்ணில் 24. இவ்வயதில் அது பொதுவாக 15-ஐத் தாண்டாது. பார்வை நரம்பின் நடுக்குழியும் அகன்றிருந்தது.

பெரியவர்களுக்குச் சொட்டு மருந்தே முதல் சிகிச்சை. பிறவியில் வரும் இந்நோய்க்கு அறுவை சிகிச்சையே முதன்மையானது. சொட்டு மருந்து அதுவரை தாங்கிப் பிடிக்கும் துணை மட்டுமே. இங்கே ஓர் எச்சரிக்கை. தாத்தாவின் அழுத்த மருந்தை ஒருபோதும் குழந்தைக்கு இடாதீர்கள். பெரியவர்களுக்குப் பயன்படும் பிரிமோனிடின் என்ற மருந்து கைக்குழந்தையின் மூச்சையே தளரச் செய்யக்கூடியது. கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் அழுத்தத்தை மேலும் ஏற்றலாம்.

இக்குழந்தைக்கு இரு கண்களிலும் அடைபட்ட வடிகாலைத் திறந்து, கூடுதலாக ஒரு வெளியேற்றுப் பாதையும் அமைத்தோம். இரண்டு மாதங்களுக்குப் பின் அழுத்தம் 13-ம் 12-மாக இருந்தது. ஒளிக்கூச்சம் நீங்கியது, வெண்மையும் பெருமளவு தெளிந்தது. ஆனால் வலது கருவிழி விரிந்தபோது அதன் உட்படலத்தில் ஏற்பட்ட கீறல்கள் நிலைத்துவிட்டன. விரிந்த கண் பழைய அளவுக்குத் திரும்புவதுமில்லை. கிட்டப்பார்வைக்கும் கருவிழியின் கோணலுக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. மங்கிய படத்தைத் தரும் கண்ணை மூளை புறக்கணிக்கத் தொடங்கும் என்பதால், நல்ல இடது கண்ணை நாள்தோறும் சிறிது நேரம் மூடி, வலது கண்ணைப் பழக்குகிறார்கள். பல வீடுகளில் கைவிடப்படுவது இந்தப் பகுதிதான். அறுவை முடிந்துவிட்டது, அழும் குழந்தைக்குக் கண்ணை ஏன் மூட வேண்டும் என்று தோன்றுகிறது. அழுத்தம் சீரானாலும் இப்பயிற்சியின்றி அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாது.

பார்வை நரம்பில் இழந்த இழைகள் திரும்ப வளர்வதில்லை. ஆகவே எவ்வளவு விரைவில் வருகிறார்கள் என்பதே எவ்வளவு பார்வை எஞ்சும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சில குழந்தைகளுக்கு அறுவை மீண்டும் தேவைப்படலாம். அழுத்தம் பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்கூடும் என்பதால் பரிசோதனை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும்.

மேலை நாடுகளில் ஏறத்தாழ 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வரும் இந்நோய், ஆந்திரப் பிரதேச ஆய்வில் சுமார் 3,300-க்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டது. நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். தாய், தந்தை இருவரும் ஒரே மரபணுக் குறையை வெளியே தெரியாமல் தாங்கியிருக்கலாம். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனினும் உறவில் மணக்காதவர்களின் குழந்தைகளிலும் இதைக் காண்கிறோம். ஆகவே அதைக் கொண்டு யாரையும் பழிக்க இடமில்லை. இக்குழந்தையின் நான்கு வயது அக்காளையும் பரிசோதித்தோம். அவள் கண்கள் நலமாக இருந்தன. அடுத்து ஒரு குழந்தை பிறந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே காட்டும்படி பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம்.

பெரிய கண், ஒளிக்கூச்சம், நீர்வடிதல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் அதே வாரத்தில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிழி வெண்மையானால் அன்றைக்கே. வரும்போது பிறந்தது முதல் எடுத்த புகைப்படங்களையும், இதுவரை இட்ட எல்லாச் சொட்டு மருந்துக் குப்பிகளையும், தீர்ந்துபோனவை உட்பட, கொண்டுவாருங்கள்.