இரண்டு வாரத்தில் என்ன முடிந்தது?

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., காகிதக் கோப்புகளிலிருந்து கணினிக்கு மாற 2006-ல் 'சென்டினல்' மென்பொருளைத் தொடங்கியது. தேவைகளை எல்லாம் முன்கூட்டியே எழுதி, வேலையை நான்கு கட்டங்களாகப் பிரித்து, வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 2010-ல் கணக்குப் பார்த்தபோது, 45.1 கோடி டாலரில் சுமார் 40.5 கோடி கரைந்திருந்தது. கைக்கு வந்தது இரண்டு கட்டங்கள் மட்டும். அந்த ஆண்டே எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு ஸ்க்ரம் முறைக்கு மாறியது.

மிச்சமிருந்த தேவைகளைச் சுமார் 670 சிறு கோரிக்கைகளாக உடைத்து ஒரே பட்டியலாக்கினார்கள். இதுதான் பேக்லாக். 'விசாரணைக் குறிப்பை எழுதி மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்' என்பது போல, ஒவ்வொன்றும் பயன்படுத்துபவரின் தேவையைச் சொல்லும். எது முதலில் என்று வரிசைப்படுத்துபவர் புராடக்ட் ஓனர். அவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், கமிட்டி ஆகாது. பழைய திட்டத்தில் பழகிய குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: நாலு மேலாளர்கள் ஆளுக்கொரு 'அவசரம்' கொண்டுவந்தால் வரிசைக்கு அர்த்தமே இல்லை.

பட்டியலின் மேலிருந்து, இரண்டு வாரத்தில் முடியும் என்று தோன்றுவதை டெவலப்பர்களே எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு வாரம்தான் ஸ்பிரின்ட். ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. தினமும் கால் மணி நேரம் கூடி அன்றைய வேலையைத் திட்டமிடுவார்கள். ஸ்க்ரம் மாஸ்டர் யாருக்கும் வேலை ஏவுவதில்லை. முட்டுக்கட்டைகள் நீங்க வழிசெய்து, முறை பிசகாமல் பார்த்துக்கொள்வார். வேலை மிஞ்சிவிட்டால் கெடுவை நீட்டக் கூடாது. முடியாதது பட்டியலுக்கே திரும்பிப் போகும். 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

ஸ்பிரின்ட் கடைசியில், ஓடும் மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களிடமே காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பட்டியலைத் திருத்துவார்கள். பிறகு குழு தனியே உட்கார்ந்து, தான் வேலை செய்த விதத்தைப் பரிசீலிக்கும். சில ஸ்பிரின்ட்கள் போனதும் குழுவின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். ஸ்பிரின்ட்டுக்கு முப்பது கோரிக்கை முடிகிறது, முந்நூறு மிச்சம் என்றால் இன்னும் பத்து ஸ்பிரின்ட். அது பொறுக்காது என்றால் பட்டியலின் அடியில் கிடப்பதை வெட்டலாம்.

சென்டினலும் சொன்ன தேதியில் வரவில்லை. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் பயன்படுத்த வைத்துச் சோதித்தபோது, பழைய கணினிச் சாதனங்கள் தாங்காமல் அமைப்பு இரண்டு முறை முடங்கியது. ஆனாலும் 2012 ஜூலையில் அது முழுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

உங்கள் குழுவும் மாறப்போகிறதா? முதல் ஸ்பிரின்ட்டுக்கு முன்பே, எது நடந்தால் ஒரு வேலையை 'முடிந்தது' என்று சொல்லலாம் என்பதை எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். நிஜமான கூட்டத்தை ஏற்றிப் பார்க்கும் சோதனையையும் அதில் சேர்த்துவிடுங்கள்.