ஜின்னும் லைமும்: ரெண்டே பொருளில் ஒரு கிம்லெட்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "கிம்லெட்ல ஃப்ரெஷ் லைம் பிழியணுமா, இல்ல அந்த பாட்டில் கார்டியல் ஊத்தணுமா? பாட்டில்னா சீட்டிங் தானே?" இன்னைக்கு முழுக்க இதைப் பத்தி மட்டும்தான். 21 வயசு ஆகாதவங்க ஜின்னை விட்டுட்டு கார்டியலை சோடாவில் ஊத்திக்கோங்க, அதுவும் அருமையா இருக்கும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கிம்லெட் பிறந்ததே கார்டியலோடதான். ஃப்ரெஷ் லைம் இல்லாத குறைக்கு யாரோ பாட்டிலைத் தொட்டாங்கன்னு நாம நினைக்கிறோம், ஆனா கதை வேற.

1867-ல் பிரிட்டன் ஒரு கப்பல் சட்டம் போட்டது. வணிகக் கப்பல்களில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி வராம இருக்க லைம் ஜூஸ் தரணும்னு. ஜூஸைக் கெடாம வைக்க அதுவரைக்கும் அதில் ரம் மாதிரி ஏதாவது சாராயத்தைக் கலப்பாங்க. அதே வருஷம் ஸ்காட்லாந்தில் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ் என்பவர், சாராயம் இல்லாம சர்க்கரையால் லைம் ஜூஸைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் இன்னைக்கும் கடையில் பார்க்கிற ரோஸ்'ஸ் லைம் கார்டியல். கப்பல் அதிகாரிகள் கையில் ஜின் இருந்தது, பக்கத்தில் இந்த பாட்டிலும் இருந்தது. கிம்லெட் வந்த வழி இதுன்னுதான் பொதுவா சொல்றாங்க. கிம்லெட் என்ற ஒரு கடற்படை டாக்டர் பேர்லதான் இதுக்குப் பேர் வந்ததுன்னு ஒரு கதை ஓடுது, ஆதாரம் பலவீனமானது. கிம்லெட்னா கையால் திருகித் துளை போடும் ஒரு சின்ன கருவிக்கும் பேர், அதனால பேர் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

1930-ல் வந்த சவாய் காக்டெயில் புத்தகத்தில் கிம்லெட் என்பது பாதி ஜின், பாதி ரோஸ்'ஸ் கார்டியல். ரேமண்ட் சாண்ட்லரின் 1953 துப்பறியும் நாவல் 'தி லாங் குட்பை'யில் ஒரு கதாபாத்திரமும் இதையேதான் பிடிவாதமா சொல்லும்: ரெண்டும் சம அளவு, வேற எதுவும் கிடையாது. இன்னைக்கு அந்த அளவில் கலந்து குடிச்சுப் பாருங்க, உதடு ஒட்டும். அவ்வளவு தித்திப்பு.

சரி, அப்போ ஃப்ரெஷ் லைம் ஊத்தினா என்ன ஆகும்? 60 மில்லி ஜின், 20 மில்லி ஃப்ரெஷ் லைம், ஐஸ் போட்டு ஆட்டுங்க. பல் கூசும். லைம் ஜூஸில் ஆறு சதவீதம் மாதிரி புளிப்பு அமிலம் இருக்கு, சர்க்கரை கிட்டத்தட்ட எதுவும் இல்ல. 20 மில்லியில் 1.2 கிராம் அமிலம். அதைத் தாங்க எதுவும் இல்லாததால ஜின்னோட காட்டமும் புளிப்பும் சேர்ந்து ஒரே குத்தா குத்தும். உடனே நாம என்ன பண்றோம்? சர்க்கரைப் பாகு கொஞ்சம். இப்போ சுவை நல்லாத்தான் இருக்கு, ஆனா இது மூணு பொருள். ரம்மை எடுத்துட்டு ஜின்னை வச்ச டைகிரி. அதை கிம்லெட்னு மெனுவில் போட்டா சண்டைக்கு வரமாட்டேன், பல நல்ல பார்களும் அப்படித்தான் தர்றாங்க. ஆனா அது வேற ட்ரிங்க்.

வேற எப்படின்னா, வாசனையில். கார்டியலில் ஜூஸோட வாசனை மட்டும் இல்ல, தோலோட வாசனையும் இருக்கு. லேசா கசப்பு கலந்த, மார்மலேட் பக்கம் போற ஒரு வாசனை. ஜின்னில் ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, பெரும்பாலும் சிட்ரஸ் தோல் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. அதோட கார்டியல் நேரா போய் ஒட்டிக்கும். பிழிஞ்ச ஜூஸ் அப்படி ஒட்டாது, மேலே துள்ளிக்கிட்டு நிக்கும்.

கடை பாட்டிலில் குறை இல்லையான்னா இருக்கு. லைமுக்கு ஃப்ரெஷ் மணம் தர்ற பொருள்களில் ஒண்ணு சிட்ரால். புளிப்பான திரவத்தில் நாள் ஆக ஆக அது சிதைஞ்சுடும். அதனால அலமாரியில் மாசக்கணக்கா நிக்கிற பாட்டிலில் தித்திப்பும் புளிப்பும் தங்கும், மணம் தங்காது. லேபிளைத் திருப்பிப் பாருங்க, நிறமும் ப்ரிசர்வேட்டிவும் எழுதியிருக்கும்.

அதனால நான் வீட்டிலேயே கார்டியல் போடுவேன். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கு. ரோஸ் கம்பெனிக்குப் பழம் வந்தது டொமினிக்கா போன்ற மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து. அங்கே விளைஞ்ச சின்ன லைமும் நம்ம மார்க்கெட் எலுமிச்சையும் ஒரே இனம். வெளிநாட்டு ரெசிபிகளில் வர்ற பெரிய, விதையில்லாத லைம்தான் வேற வகை. ஆக, மூலப் பழம் நம்ம ஊர் கூடையிலேயே இருக்கு.

எலுமிச்சை பதினைந்து, இருபது வரைக்கும் வேணும். மஞ்சளா பழுத்ததைவிட பச்சையா இருக்கிறதை எடுங்க, தோல் வாசனை தூக்கலா இருக்கும். நல்லா கழுவித் துடைச்சு, எட்டுப் பழத்தோட தோலை மட்டும் பீலரால் மெல்லிசா சீவுங்க. வெள்ளைப் பகுதி வரவே கூடாது. நம்ம எலுமிச்சைக்குத் தோலே மெலிசு, அதனால கை லேசா போகணும். சீவின தோலை 200 கிராம் சர்க்கரையில் போட்டு விரலால் கசக்கி மூடி வைங்க. மூணு மணி நேரம் கழிச்சுத் திறந்தா சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகியிருக்கும், தோலில் இருந்த எண்ணெய் அதுக்குள்ள இறங்கியிருக்கும். அந்த வாசனைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இப்போ பழங்களைப் பிழிஞ்சு 200 மில்லி ஜூஸ் ஊத்தி, 10 கிராம் சிட்ரிக் ஆசிட் சேர்த்துக் கலக்குங்க. அடுப்பு வேண்டாம், சூடு பட்டா ஜூஸ் வெந்த வாசனை அடிக்கும். சர்க்கரை கரைஞ்சதும் அரை மணி நேரம் விட்டு வடிகட்டுங்க. கிட்டத்தட்ட 325 மில்லி கிடைக்கும்.

சிட்ரிக் ஆசிட் எதுக்குன்னு கேப்பீங்க. ஜூஸையும் சர்க்கரையையும் மட்டும் கலந்தா 20 மில்லி கார்டியலில் சர்க்கரை 12 கிராம் இருக்கும், அமிலம் முக்கால் கிராம்தான் இருக்கும். அது சர்பத். அந்த 10 கிராம் சேர்ந்தா அமிலம் 1.3 கிராமுக்குப் பக்கத்தில் வரும். ஃப்ரெஷ் லைமில் பார்த்த அதே புளிப்பு, ஆனா இப்போ அதைத் தாங்க சர்க்கரையும் கூடவே வருது. ரெண்டே பொருளில் ட்ரிங்க் நிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

கலக்கும்போது 60 மில்லி ஜின்னுக்கு 20 மில்லி கார்டியல். ஷேக்கரில் ஐஸ் நிறைய போட்டு பத்து, பன்னிரண்டு நொடி ஆட்டி, ஃப்ரிட்ஜில் வச்ச கிளாஸில் வடிங்க. அடித்தொண்டையில் கசப்பு தங்கினா வெள்ளைத்தோல் கலந்திருக்கு. அடுத்த தடவை தோலை இன்னும் மெல்லிசா சீவுங்க, வடிகட்டறதை முன்னாடியே செய்யுங்க. தித்திப்பு முன்னால வந்தா கார்டியலை 15 மில்லியாக்குங்க. அப்பவும் ஒரு பக்கம் மந்தமா இருந்தா அளவில் தப்பு இல்ல, ஐஸ் பத்தலை, இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க.

பாட்டில் மேல தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைங்க. ரெண்டு வாரம் வரைக்கும் நல்ல மணம் இருக்கும். அதுக்கு மேல மிச்சம் இருந்தா சோடாவுக்குப் போகட்டும், ஜின்னுக்குப் புதுசா போட்டுக்கலாம்.