பார்சலுக்குள் ஒரு நன்றிக் குறிப்பு

நவி மும்பையின் நெருளில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அங்கே ஓர் அம்மையார் சிறுமியருக்கான பட்டுப்பாவாடை சட்டை தைத்து, இணையச் சந்தை ஒன்றின் வழியாக விற்கிறார். நவராத்திரி நெருங்கும்போது செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய இடங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அவருக்கு ஆணைகள் வருகின்றன. தைத்த உடையை மடித்து உறையிலிட்டு, அதன்மேல் உள்ளங்கை அளவிலான ஒரு தாளையும் வைத்துப் பார்சலை ஒட்டுகிறார். அந்தத் தாள்தான் நன்றிக் குறிப்பு.

கடையில் வாங்குபவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். பார்சலில் வாங்குபவருக்கோ இந்தத் தாளே விற்பவரின் முகம். ஆகவே அதில் நன்றியுடன் வேறு இரண்டு செய்திகளும் இடம்பெற வேண்டும். ஒன்று, பொருளைப் பற்றிய கருத்தை எப்படித் தெரிவிப்பது என்பது. மற்றொன்று, பொருள் சரியில்லையென்றால் எப்படித் திருப்பி அனுப்புவது என்பது.

அம்மையார் முதன்முதலில் எழுதிய குறிப்பு இது:

“வாங்கியமைக்கு நன்றி! ஐந்து நட்சத்திரம் இட்டுப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த முறை 50 ரூபாய் தள்ளுபடி. பிடிக்கவில்லையென்றால் மதிப்புரை எழுத வேண்டா, எங்களிடம் மட்டும் சொல்லுங்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.”

படிக்கும்போது இதில் தவறேதும் இருப்பதாகத் தோன்றாது. இத்தகைய தாள்களைப் பல பார்சல்களில் காண்கிறோம். ஆயினும் நன்றி கூறும் முதல் தொடரைத் தவிர, ஏனைய மூன்றும் திருத்தப்பட வேண்டியவை. ஏன் என்பதைக் காண்போம்.

கருத்தும் நட்சத்திரமும்

வாங்கியவர் அளிக்கும் நட்சத்திரம், விற்பவருக்கு அளிக்கும் பரிசன்று. அடுத்து வாங்க நினைப்பவருக்குக் கூறும் செய்தி அது. 50 ரூபாய்க்காக இடப்பட்ட ஐந்தாவது நட்சத்திரம், முன்பின் அறியாத ஒருவருக்குக் கூறப்பட்ட பொய்யாகிவிடும். இதனால்தான் பெரிய இணையச் சந்தைகள், நல்ல மதிப்புரைக்குத் தள்ளுபடியோ பரிசோ தருவதைத் தடை செய்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரநெறியை வெளியிட்டது. அதன் எண் ஐ.எஸ். 19000.

‘பிடிக்கவில்லையென்றால் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்’ என்னும் தொடர் இன்னும் நுட்பமான தவறு. குறையைத் தெரிவிக்கும்படி கேட்பது நல்லதே. மகிழ்ந்தவரை ஊரறியப் பேசவும், வருந்தியவரைத் தனியே பேசவும் சொல்வதுதான் பிழை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர் பாவாடை வாங்குகின்றனர். எட்டுப் பேர் மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் இடுகின்றனர். இருவருக்கு இடுப்பு இறுக்கமாக இருக்கிறது. அவர்கள் எழுதியிருந்தால் ஆளுக்கு இரண்டு நட்சத்திரம் இட்டிருப்பார்கள். அப்போது மொத்தம் 44 நட்சத்திரங்கள், சராசரி 4.4. அவர்கள் எழுதாமல் விட்டால் சராசரி 5. பதினோராவதாக வாங்குபவர் அந்த 5 என்னும் எண்ணை நம்பிப் பணம் கட்டுகிறார்.

ஏமாறுபவர் அவர் மட்டுமல்லர். ‘இடுப்பு இறுக்கம்’ என்று இருவர் எழுதியிருந்தால், உடையின் விவரத்தில் இடுப்பளவைத் தெளிவாக எழுத வேண்டும் என்று தைப்பவரும் அறிந்திருப்பார். வாங்க வருபவரும் அளவெடுத்த பிறகே ஆணையிட்டிருப்பார். குறையை மறைத்தமையால் அதே குறை மீண்டும் மீண்டும் நேரும்.

‘திரும்பப் பெறப்படாது’ என்பது செல்லுமா?

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்னும் வாசகத்தைப் பல கடைகளின் பில்லில் காண்கிறோம். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பன போன்ற காரணங்களுக்கு அது பொருந்தலாம். பொருளிலேயே குறை இருந்தால் அது செல்லாது.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வரத் தொடங்கிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. பில்லில் ஒரு காலவரையறை குறித்திருந்தால் அந்தக் காலத்திற்குள் திரும்பப் பெற வேண்டும். ஒன்றும் குறிக்காவிட்டால் 30 நாள்கள் என்று சட்டமே வரையறுக்கிறது. எனவே குறிப்பில் எழுதும் காலவரையறையைப் பில்லிலும் எழுதுவதே முறை.

இணைய வணிகத்திற்கென அதே மாதம் வெளிவந்த விதிகள், விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையும் இதில் சேர்க்கின்றன. விற்பவரே வாங்கியவர் போல நடித்து மதிப்புரை எழுதுவதையும் அவை தடுக்கின்றன. வீட்டிலிருந்து விற்றாலும், தொழிலாகத் தொடர்ந்து விற்பவருக்கு இவ்விதிகள் பொருந்தும்.

அளவும் குறையும் வேறு

திருப்பி அனுப்புவதற்கான காரணங்களைக் குறிப்பு இரண்டாகப் பிரித்துக் கூற வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்து பார்ப்போம்.

செம்பூரில் ஒருவர் தம் மகளுக்கு ‘8 வயது’ என்று மட்டும் குறித்துப் பாவாடை வாங்கினார். வந்த பாவாடையின் இடுப்பு 24 அங்குலம். மகளுக்கோ 26 அங்குலம் வேண்டும். இங்கே பாவாடையில் குறையில்லை, அளவுதான் பொருந்தவில்லை. இடுப்புப் பட்டியினுள் மடித்துத் தைத்திருக்கும் துணியைப் பிரித்தால் அந்த 2 அங்குலம் கிடைக்கும். எனவே மாற்றித் தைத்துத் தந்தால் போதும். ஆனால் உடை துவைக்கப்படாமல் இருக்க வேண்டும். நீரில் நனைந்த பட்டு தன் விறைப்பையும் பளபளப்பையும் இழக்கும். அடர்ந்த சாயம் கசியவும் கூடும். அதன்பின் அதைப் புதிய உடையாக வேறு எவருக்கும் விற்க இயலாது.

திருநெல்வேலியில் வாங்கிய மற்றொருவருக்கு வந்த பாவாடையில் சரிகைக் கரையின் தையல் விட்டிருந்தது. இது தைத்தவரின் குறை. அவர் உடைக்கு 900 ரூபாயும் அஞ்சலுக்கு 70 ரூபாயும் கட்டியிருந்தார். திருப்பி அனுப்ப மேலும் 70 ரூபாய் செலவாயிற்று. பணமாகத் திருப்பித் தருவதானால் 1,040 ரூபாய் தந்தால்தான் அவருக்கு இழப்பில்லை. யார் எந்தச் செலவை ஏற்பது என்று முன்னரே எழுதாவிட்டால், 900 ரூபாய் மட்டும் திரும்பி வரும். எஞ்சிய 140 ரூபாய்க்காக இருவரும் மனவருத்தம் கொள்வர்.

நாள்களைக் கணக்கிடும் முறையும் இங்கே விளங்கும். நெருளிலிருந்து செம்பூருக்குப் பார்சல் விரைவில் சேரும். திருநெல்வேலிக்குச் சேரப் பல நாள்கள் ஆகலாம். ‘அனுப்பிய நாளிலிருந்து 7 நாள்’ என்று எழுதினால், தொலைவில் உள்ளவர் பார்சலைப் பிரிப்பதற்குள் காலம் முடிந்துவிடும். ‘கிடைத்த நாளிலிருந்து’ என்று எழுதினால் இருவருக்கும் ஒரே அளவு காலம் கிடைக்கும்.

திருத்திய குறிப்பு

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து அம்மையார் எழுதிய புதிய குறிப்பு இது:

“அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வீட்டில் தைத்த பாவாடை சட்டையை வாங்கியமைக்கு நன்றி. துவைப்பதற்கு முன் ஒருமுறை அணிவித்துப் பாருங்கள்.

அளவு பொருந்தவில்லையென்றால், பார்சல் கிடைத்த 7 நாள்களுக்குள் தெரிவியுங்கள். துவைக்காத உடையை மாற்றித் தைத்துத் தருவோம். எங்களுக்கு அனுப்பும் செலவு தங்களுடையது. மீண்டும் தங்களுக்கு அனுப்பும் செலவு எங்களுடையது.

துணியிலோ தையலிலோ குறை இருந்தால், கிடைத்த 15 நாள்களுக்குள் ஒரு படத்துடன் தெரிவியுங்கள். வேறு உடையோ முழுப் பணமோ, தாங்கள் விரும்புவதைத் தருவோம். அஞ்சல் செலவு முழுவதும் எங்களுடையது. உடை எங்களிடம் வந்த 5 நாள்களுக்குள் பணம் வந்து சேரும்.

உடை எப்படி இருந்தது என்பதை, நிறையாயினும் குறையாயினும், உள்ளபடி எழுதுங்கள். அளவு, துணி, தையல் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.

ஆணை எண், தொலைபேசி எண்: பில்லில் காண்க.”

இக்குறிப்பில் தள்ளுபடி இல்லை. ஐந்து நட்சத்திரமும் இல்லை. ‘விரைவில்’, ‘உரிய காலத்தில்’ என்னும் சொற்களும் இல்லை. அவற்றின் இடத்தில் 7, 15, 5 என்னும் எண்கள் நிற்கின்றன. ‘விரைவில்’ என்பதை வாங்கியவர் இரண்டு நாள் என்றும் விற்றவர் இரண்டு வாரம் என்றும் கொள்ளலாம். எண்ணுக்கு அத்தகைய இரண்டு பொருள் இல்லை.

ஒன்றை மறவாதிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது வாக்கு. முழுப் பணமும் தருவோம் என்று எழுதியவர், 1,040 ரூபாய் கொடுக்க வேண்டிய நாளில் தயங்கக் கூடாது. கொடுக்க இயலாததை எழுதுவதைவிட எழுதாதிருப்பதே நன்று. எழுதியபடி விற்பவர் நடக்காவிட்டால், வாங்கியவர் குறிப்பையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆகவே நீங்கள் வாங்கும் பார்சலில் இத்தகைய தாள் இருந்தால், உடனே குப்பையில் இடாதீர்கள். திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை அதைப் பில்லுடன் சேர்த்து வையுங்கள்.

பயிற்சி

1. முதற்குறிப்பில் உள்ள மூன்று தவறுகளையும் உம் சொந்தச் சொற்களில் எழுதுக.

2. ‘அனுப்பிய நாளிலிருந்து’, ‘கிடைத்த நாளிலிருந்து’ – இவற்றுள் எது வாங்குபவருக்கு நன்மை தரும்? ஏன்?

3. 650 ரூபாய் உடையும் 60 ரூபாய் அஞ்சல் செலவும் கட்டியவர், தையல் குறைக்காக 60 ரூபாய் செலவிட்டு உடையைத் திருப்பி அனுப்பினார். திருத்திய குறிப்பின்படி அவருக்கு எவ்வளவு பணம் கிடைக்க வேண்டும்?

4. உம் வீட்டில் செய்த முறுக்கை விற்பதாகக் கொள்க. பிரித்து உண்ட தின்பண்டத்தை மீண்டும் விற்க இயலாது. நொறுங்கிய நிலையில் முறுக்கு போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர் என்பதைக் கூறும் நன்றிக் குறிப்பு ஒன்றை எட்டு வரிகளில் எழுதுக.