டியூஷன் சென்டருக்கு என்ன பெயர் வைப்பது?

பாளையங்கோட்டையில் கணக்குப் பட்டதாரி ஒருவர் வீட்டு மாடியில் டியூஷன் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கலா. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள்தான் இலக்கு. பலகை எழுதக் கொடுக்கும் முன் அவர் மனதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன: பிரைட் ஃபியூச்சர் அகாடமி, சென்டம் கோச்சிங் சென்டர், வித்யா டியூஷன், மழலை.

நான்கிலும் சிக்கல் உண்டு.

முதல் பெயர் எந்த ஊரிலும் பொருந்தும். அதனாலேயே எதுவும் நினைவில் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் “டியூஷனுக்கு எங்க போறே?” என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பிரைட் ஃபியூச்சர் என்று சொல்லாது. “கலா மிஸ்கிட்ட” என்றுதான் சொல்லும்.

‘சென்டம்’ பெற்றோரை உடனே ஈர்க்கும். ஆனால் அது ஒரு வாக்குறுதி. அரையாண்டில் 62 வாங்கிய பிள்ளையின் அம்மா பலகையைக் காட்டிக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. சட்டமும் இதைக் கவனிக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், மதிப்பெண்ணுக்கோ ரேங்குக்கோ உத்தரவாதம் தரும் விளம்பரங்களைத் தடுக்கின்றன. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்களுக்கானவை அவை. சின்ன டியூஷன் அதற்குள் வராமல் போகலாம். ஆனாலும், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சிறிய இடம் என்பதற்காக விலக்குத் தருவதில்லை.

‘வித்யா’ நல்ல பெயர்தான். தொல்லை அதைப் போனில் தட்டும்போது வருகிறது. Vidya, Vidhya, Vithya என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். வரைபடத்தில் தேடும் தந்தை வேறு தெருவில் போய் நிற்பார். ‘தேனீ’ என்று வைத்தாலும் Theni என்று தட்டியவுடன் தேனி ஊர்தான் முதலில் வரும்.

‘மழலை’யில் உள்ள பிரச்சினை பெற்றோர் கண்ணுக்கு எளிதில் படாது. மூன்றாம் வகுப்புக்கு அந்தப் பெயர் பிடிக்கும். எட்டாம் வகுப்புப் பையனோ நண்பர்கள் முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்படுவான். பெயர் கூச்சம் தரும்போது அவன் இடத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகிறான். தெரு டியூஷனுக்குப் புதுப் பிள்ளைகள் வருவது பெரும்பாலும் பழைய பிள்ளைகளின் பேச்சால்தான் என்பதால், இந்த இழப்பு சிறியதல்ல.

அப்படியானால் ‘கலா மிஸ் டியூஷன்’ என்றே வைத்துவிடலாமே? வைக்கலாம். ஒரே ஆள் நடத்தும் இடத்துக்கு அதைவிட நேர்மையான பெயர் கிடைக்காது. பெற்றோர் ஆளைப் பார்த்துத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு அறிவியலுக்கு இன்னொருவரைச் சேர்த்தால், “கலா டீச்சர் நடத்தலையா?” என்ற மனக்குறை தொடங்கும். பெயரை இரண்டு வரியாகப் பிரித்தால் இந்தச் சிக்கல் தீரும்: பெரிய வரி பிள்ளைக்கு, சிறிய வரி பெற்றோருக்கு.

பெரிய வரிக்கு ‘மயில்’ என்று எடுத்துக்கொள்வோம். இரண்டே அசை. கண்ணால் பார்த்த பறவை. பலகையில் படமாக வரையலாம், எட்டாம் வகுப்புக்கும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாது. கீழே, “கலா டீச்சர், பி.எஸ்சி., பி.எட். – 3 முதல் 8 வரை – சமச்சீர், தமிழ் வழி, ஆங்கில வழி”. வாசலில் நின்று ஒரு தாய் கேட்கும் கேள்விகளான யார் சொல்லித்தருகிறார், எந்த வகுப்புக்கு, எந்த மீடியம் ஆகியவற்றுக்கு விடை அங்கேயே இருக்கிறது. வகுப்பின் எல்லையைச் சொல்வதில் தயங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு எடுப்பதில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், மற்ற வகுப்புகள் மீதான நம்பிக்கை கூடவே செய்கிறது.

பலகைக்கு முன் ஒரு சோதனை போதும். நான்கைந்து பிள்ளைகளிடம் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் மாலை கேட்க வேண்டும். உறவினர் ஒருவருக்குப் போனில் சொல்லி, அவரையே எழுதச் சொல்ல வேண்டும். இரண்டில் எங்கே தடுமாறினாலும் அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

பிறகு வர்த்தகக் குறிப் பதிவேட்டின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்க வேண்டும். கல்விச் சேவைகள் 41ஆம் வகுப்பில் வருகின்றன. மயில் பெயரில் ஓர் அரிசி பிராண்ட் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. அதே பெயரில் பயிற்சி நிறுவனம் இருந்தால் வேறு பெயர் தேடுவதே நல்லது. அருகிலுள்ள பெரிய பள்ளியின் பெயரை ஒட்டி வைப்பதும் வேண்டாம். அந்தப் பள்ளியின் கிளை என்று பெற்றோர் எண்ணிச் சேர்த்துவிட்டு, பிறகு ஏமாந்ததாக உணர்வார்கள்.

கடைசியாக எழுத்தின் அளவு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் பின்பற்றும் கணக்கு. முப்பதடித் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க மூன்று அங்குலம் தேவை. பெரிய வரிக்கு ஆறு அங்குலம் கொடுத்தால் தெருமுனையில் திரும்பும் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அறிவியலுக்கு ஆள் சேரும் நாளில், இரண்டாவது வரியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.