கூடை வரை வந்தவர்கள் ஏன் வாங்காமல் போனார்கள்?



நம் அறக்கட்டளையின் தையற்கூடத்தில் சகோதரிகள் தைக்கும் மக்கனா, தொழுகை உடைகளை இணையக் கடையில் விற்று வருவதை அறிவீர்கள். விற்பனை குறைந்தபோது, விளம்பரத்துக்குச் செலவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அதற்கு முன், கடைக்கு வந்தவர்கள் எந்தப் படியில் திரும்பிப் போகிறார்கள் என்று ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தோம்.

பொருளைக் கூடையில் போட்டவர்கள் 400 பேர். முகவரிப் பக்கத்துக்கு வந்தவர்கள் 240. பணம் செலுத்தும் பக்கத்தை எட்டியவர்கள் 200. பணம் கட்டியவர்கள் 90.

அதிகம் பேர் விலகியது முதல் படியில்தான்: 160 பேர். ஆனால் கூடையில் போடுபவர்களில் பலர் விலை பார்க்கவும், பிறகு வாங்கலாம் என்று எடுத்து வைக்கவும்தான் போடுகிறார்கள். முகவரியை எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் திரும்பிய 110 பேர் அப்படியல்லர்; அவர்கள் வாங்கவே வந்தவர்கள். ஆகவே அவர்களை முதலில் கவனித்தோம்.

அவர்களில் 30 பேர் பணம் கட்ட முயன்று தோற்றிருந்தனர். பழைய கைபேசி ஒன்றில் நாமே ஆர்டர் போட்டுப் பார்த்தோம். யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பும்போது கூடை காலியாகிவிட்டது. இது பழுது. பழுதுக்குச் சோதனை தேவையில்லை, உடனே சரிசெய்தோம்.

மீதி 80 பேர் பணம் கட்டும் வழி எதையும் தொடவே இல்லை. அந்தப் பக்கத்தில்தான் 90 ரூபாய் அனுப்புக் கட்டணம் முதன்முதலாகத் தெரிகிறது. அதுவே காரணமாக இருக்கலாம் என்பது நம் ஊகம். அதை உறுதிசெய்யவே முதல் சோதனை. கூடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குக் கட்டணத்தை அங்கேயே காட்டுவோம். மறுபாதிக்குப் பழையபடியே இருக்கும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். ரமலான் விற்பனையை ஷவ்வால் விற்பனையோடு ஒப்பிட்டால், பெருநாள் செய்த வேலையை நாம் செய்ததாக எண்ணிவிடுவோம்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கட்டணம் பிடிக்காதவர்கள் இனிக் கூடையிலேயே விலகுவார்கள். கடைசிப் பக்கத்தில் கூட்டம் குறைந்து, அதன் விகிதம் மட்டும் அழகாகத் தெரியும். ஆர்டர் ஒன்றுகூட ஏறியிருக்காது. எனவே கூடையில் போட்டவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதையே எண்ண வேண்டும். இப்போது அது நூற்றுக்கு 22 அல்லது 23.

அது 30 ஆக உயர்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 1,100 பேர் வேண்டும். மாதம் 400 பேர் என்றால் மூன்று மாதம் ஆகும். முதல் வாரத்தில் ஐந்தாறு ஆர்டர் கூடினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பொத்தான் நிறம் போன்ற சிறு மாற்றங்களின் பலனைக் கண்டறிய இன்னும் பல மடங்கு ஆட்கள் வேண்டும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டோம்.

விளம்பர யோசனை அதுவரை நிற்கட்டும். ஓட்டைக் குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவானேன்? சோதனையின் முடிவை, கூடினாலும் குறைந்தாலும், இன்ஷா அல்லாஹ் இதே பக்கத்தில் தெரிவிப்போம்.